ஸ்டாப்லாஸ் போட்டும் பங்கு ஏன் விற்கவில்லை?

கேள்வி: சின்ன பங்கு ஒன்றில் 96-ல் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன். விலை 95-க்கு வந்தும் விற்கவே இல்லை. சார்ட்டிலும் வெறும் கோடுதான் தெரிகிறது. ஏன்?

உங்கள் பங்குக்கு 5% சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை மாறக்கூடிய வரம்பு, இருக்கும் என்று நினைக்கிறேன். நேற்றைய முடிவு விலை 100 ரூபாய் என்றால், இன்று 95-க்குக் கீழே ஆர்டரே ஏற்கப்படாது. ஸ்டாப்லாஸ் என்பது விற்பனைக்கான உத்தரவாதம் இல்லை. 96-லோ அதற்குக் கீழேயோ ஒரு வர்த்தகம் நடந்ததும் உங்கள் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும், அவ்வளவுதான். அங்கே 95-ல் ஏற்கெனவே இரண்டு லட்சம் பங்குகள் விற்கக் காத்திருந்தால், நீங்கள் அந்த வரிசையின் கடைசி ஆள். வாங்க ஆள் வந்தால்தான் வரிசை நகரும். லிமிட்டை 95.50 என்று வைத்திருந்தால் அதுவும் இல்லை.

மாலையில் ஆர்டர் காலாவதியாகிவிடும். மறுநாள் வரம்பு 95-லிருந்து கணக்காகும்: 90.25. காலையிலேயே புதிதாக ஆர்டர் போடாவிட்டால் மறுபடியும் கடைசி இடம்தான்.

நாள் முழுக்க ஒரே விலை என்பதால் கேண்டில் கோடாகச் சுருங்குகிறது. வால்யூம் குறைவதைப் பார்த்து விற்பனை ஓய்ந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. வாங்குபவர் இல்லாததால்தான் அது குறைகிறது. மார்க்கெட் டெப்த்தில் மொத்த விற்பனை அளவைப் பாருங்கள். அது கரைந்து, வாங்கும் பக்கம் எண்கள் தெரிந்தால்தான் சர்க்யூட் உடைய வாய்ப்பு.