கதையை எங்கே நிறுத்துவது?

வணக்கம். படித்த நாவல்களுக்கு மதிப்புரை எழுதி வருகிறேன். கதையைச் சொன்னால் “முழுசும் சொல்லிட்டீங்களே, இனி எதுக்கு வாங்கணும்?” என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் “ஒண்ணுமே புரியலை” என்கிறார்கள். இப்போது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குத் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் வேறு இருக்கின்றன. எதுவரை சொல்லலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள வாசகருக்கு,

நாவலின் கேள்வி உருவாகும் இடம்வரை கதையைச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கான விடையைச் சொல்லாதீர்கள். பெரும்பாலான நாவல்களில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இந்த இடம் வந்துவிடும். 800 சொல் மதிப்புரை என்றால் கதைக்கு 150 சொல் தாராளமாகப் போதும்.

2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். “ஆங்கிலேயர் காலத்துத் திருச்செங்கோட்டு வட்டாரம். காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிற தம்பதி. கல்யாணமாகி 12 வருஷமாகியும் குழந்தை இல்லை. ஊரின் ஏச்சு, உறவின் நச்சரிப்பு, இரண்டாம் கல்யாணப் பேச்சு என்று நெருக்கடி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் குடும்பத்தார், பிள்ளையில்லாத பெண் திருவிழாவின் ஓர் இரவில் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்ற பழைய வழக்கத்தைக் கையில் எடுக்கிறார்கள். அதைக் காளி ஏற்பானா, பொன்னா என்ன செய்வாள்?” கதைச்சுருக்கம் இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நாவலின் பதற்றத்தைக் கரைத்துவிடுவீர்கள்.

அந்த வழக்கத்தைச் சொல்வதே கதையை உடைப்பதாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நாவலுக்கு எதிராக 2014 கடைசியில் கிளம்பிய எதிர்ப்பும் 2016இல் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதைச் செய்தித்தாள் படிப்பவர் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த இருவரும் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பது செய்தியில் பரவவில்லை. காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

எழுதி முடித்ததும் கதைப் பத்தியில் ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘இதற்கிடையே’ எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். இரண்டைத் தாண்டினால் நீங்கள் நாவலைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘மாதொருபாகன்’ நினைவுகளின் வழியே முன்னும் பின்னும் போகிற நாவல். அதைச் சம்பவ வரிசையில் அடுக்கினால் கதையும் வெளியாகிவிடும், நாவலின் வடிவமும் போய்விடும்.

“ஒண்ணுமே புரியலை” என்று சொல்கிறவர்கள் உண்மையில் கேட்பது கூடுதல் கதையை அல்ல. உங்கள் கருத்துக்கு ஆதாரத்தைக் கேட்கிறார்கள். ‘நெகிழ வைக்கிறது’ என்று எழுதினால் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆதாரத்தை நாவலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுங்கள். மாமனார் வீட்டில் காளி நட்ட பூவரசு ஆரம்பத்திலேயே வருகிறது. நட்டது மரமாகிப் படர்ந்து நிற்கிறது. அந்த வீட்டு மாப்பிள்ளைக்கோ இன்னும் பிள்ளை இல்லை. காலம் போனதை ஆசிரியர் வாய்விட்டுப் புலம்பாமல் மரத்தைக் காட்டியே உணர்த்துகிறார் என்று எழுதினால், நாவலின் எழுத்துமுறை எப்படிப்பட்டது என்று படிப்பவருக்குப் பிடிபட்டுவிடும். கதையில் எதுவும் கசியாது. உரையாடலில் வரும் கொங்குப் பேச்சுக்கும் இப்படி ஒரு சிறு எடுத்துக்காட்டுக் கொடுங்கள். குறையைச் சொல்லும்போதும் இதே முறைதான். ஊர்ப்பேச்சும் ஏச்சும் திரும்பத் திரும்ப வருவது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால், எந்த இடத்தில் என்று காட்டுங்கள்.

கதை அதிகம் கசிவது சம்பவங்களைச் சொல்லும்போது அல்ல, அடைமொழிகளில்தான். ‘எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதிவிட்டால் வாசகர் பக்கத்துக்குப் பக்கம் அதையே தேடிக்கொண்டிருப்பார். ‘துயரக் காவியம்’ என்ற தலைப்பு முடிவையே சொல்லிவிடுகிறது. இந்த இரண்டையும் நான் அடியோடு விலக்கச் சொல்வேன்.

முடிவைத் தொடாமல் சொல்லவே முடியாத கருத்தும் உண்டு. பொன்னாவுக்கு நாவல் நியாயம் செய்ததா என்ற விவாதம் அப்படிப்பட்டது. அதை மதிப்புரையின் கடைசியில், “இனி முடிவைப் பற்றி, நாவலைப் படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்” என்ற வரிக்குக் கீழே வையுங்கள். நடுவில் வைத்தால், தாண்டிப் போக நினைப்பவர் கண்ணிலும் இரண்டு சொற்களாவது பட்டுவிடும்.

தொடர்ச்சி நாவல்களான ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் 2014இல் வந்தவை. முதல் நாவலின் கடைசிப் பக்கம் விட்டுச்செல்லும் கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடையை வைத்துக்கொண்டு தொடங்குகிறது. ஆகவே இவற்றின் முதல் வரிக் கதைச்சுருக்கமே ‘மாதொருபாகன்’ முடிவைத் தொட்டுவிடும். இப்போது எழுதும் மதிப்புரையில் இரண்டு பெயர்களையும் குறிப்பிடுவதோடு நிறுத்துங்கள். அவற்றுக்குத் தனியாக எழுதும்போது, “இது ‘மாதொருபாகன்’ படித்தவர்களுக்கு” என்று முதல் வரியிலேயே நூலின் பெயரோடு சொல்லிவிடுங்கள். ‘கதை வெளிப்படலாம்’ என்று மட்டும் போட்டால் எந்த நூலின் கதை என்று தெரியாது. ‘ஆலவாயன்’ பற்றித்தான் எச்சரிக்கிறீர்கள் என்று நினைத்து, முதல் நாவலைத் தொடாதவர் உள்ளே வந்துவிடுவார்.