ஸ்லாப் மாறாமலே வரி ஏறுவது எப்படி?

கேள்வி: விலைவாசி ஏறிய அளவுக்குத்தான் சம்பளமும் ஏறியது. இன்னும் அதே வரி ஸ்லாபில்தான் இருக்கிறேன். அப்படியும் வாங்கும் சக்தி குறைந்ததுபோல் இருக்கிறதே, ஏன்? ஸ்லாப்களைப் பணவீக்கத்தோடு இணைத்தால் இது சரியாகுமா?

பதில்:

பணவீக்கத்தால் வரிச்சுமை தானாக ஏறுவதைத்தான் பிராக்கெட் க்ரீப் என்கிறார்கள். அதைக் கேட்டதும் மேல் ஸ்லாபுக்குத் தாண்டிப் போகிறவருக்குத்தான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தாண்டவே வேண்டாம். உங்கள் வருமானத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வரம்பும் அசையாமல் நிற்பதே போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். 4 லட்சம் வரை வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 10%, 8 முதல் 12 வரை 20%, அதற்கு மேல் 30%. வருமானம் 10 லட்சம் என்றால், 10% ஸ்லாபில் 40,000, அடுத்ததில் 40,000, ஆக மொத்த வரி 80,000. கையில் 9,20,000.

ஒரு வருடத்தில் விலைவாசி 10% ஏறுகிறது, சம்பளமும் 11 லட்சமாகிறது. வரம்புகள் பழையபடியே இருக்கின்றன. இப்போது வரி 1,00,000. சம்பளம் 10% ஏற, வரி 25% ஏறிவிட்டது. கையில் வரும் 10 லட்சத்தின் மதிப்பு பழைய விலைவாசியில் சுமார் 9,09,000தான். யாரும் வரி விகிதத்தைத் தொடவில்லை, நீங்களும் 20% ஸ்லாபை விட்டு நகரவில்லை. ஆனாலும் ஏறக்குறைய 11,000 போய்விட்டது.

இனி வரம்புகளையும் அதே 10% உயர்த்துவோம்: 4.4, 8.8, 13.2 லட்சம். வரி 88,000 ஆகும், கையில் 10,12,000. அதை 1.1ஆல் வகுத்தால் சரியாக 9,20,000. பழைய நிலை அப்படியே திரும்பிவிட்டது. இண்டெக்ஸிங் செய்வது இவ்வளவுதான். அது வரிச்சலுகை அல்ல. உண்மையான வரிச்சுமை இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள 12,000 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் யாருக்கு அடி அதிகம் என்பதும் தெரியும். முதல் வரம்பு 40,000 உயராததால் அந்தத் தொகைக்கு 10% வரி, அதாவது 4,000. இரண்டாவது வரம்பு 80,000 உயராததால் அவ்வளவு பணம் 10%க்குப் பதில் 20% கட்டுகிறது, அது 8,000. ஒரு கோடி சம்பாதித்து 1.1 கோடிக்குப் போனவருக்கு மூன்று வரம்புகளும் சேர்ந்து 24,000 கூடும். அவர் வருமானத்தில் அது கால் சதவீதம்கூட இல்லை. உங்களுக்கோ ஒரு சதவீதத்துக்கு மேல். உச்ச விகிதம் ஏற்கெனவே கட்டுகிறவருக்கு ஏற இன்னொரு படி கிடையாது. 4 லட்சத்தில் நின்றவரோ உண்மையில் எதுவும் கூடாமலேயே முதல்முறையாக வரி கட்டத் தொடங்குகிறார்.

நிதியமைச்சர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. வரம்பு தானாக உயராத நாட்டில் சட்டத்திருத்தம் இல்லை, சபையில் வாக்கெடுப்பு இல்லை, வருவாய் மட்டும் ஏறும். சில வருடங்கள் கழித்து வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி, 'வரிக்குறைப்பு' என்று கைதட்டலும் வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் வரியில்லா வரம்பு 2021-22 முதல் 12,570 பவுண்டிலேயே உறைந்து நிற்கிறது. வருடாவருடம் உயர்த்தும் முறை அங்கே சட்டத்திலேயே உண்டு. அதை நாடாளுமன்றமே நிறுத்திவைத்திருக்கிறது.

ஆகவே 'இண்டெக்ஸ் செய்திருக்கிறார்கள்' என்று கேட்டவுடன் நிம்மதியடைய வேண்டாம், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கனடாவில் 1986 முதல் 1999 வரை, பணவீக்கம் 3%ஐத் தாண்டிய அளவுக்கு மட்டுமே வரம்புகள் தானாக உயர்ந்தன. பணவீக்கம் 3%க்குள் இருந்தால் எதுவும் அசையாது. அமெரிக்கா 1981 சட்டத்தின்படி 1985 முதல் வரம்புகளை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்தது. 2018 முதல் சற்று மெதுவாக ஏறும் வேறொரு குறியீட்டுக்கு மாறியது. வித்தியாசம் ஒரு வருடத்தில் கண்ணில் படாது, ஆனால் வருடாவருடம் சேரும். ஸ்லாப் ஏறினாலும் மற்றவை நின்றுவிடுவதும் உண்டு: அமெரிக்காவில் தனிநபரின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு வரி தொடங்கும் 25,000 டாலர் வரம்பு 1983 சட்டத்தில் வைத்தது, இன்றும் அதேதான். உங்கள் நாட்டிலும் கழிவுகளின் உச்சவரம்பையும் கூடுதல் வரி தொடங்கும் எல்லையையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இண்டெக்ஸிங் தொடாத இடமும் ஒன்று உண்டு. சம்பளம் விலைவாசியைவிட வேகமாக ஏறினால், அந்த உபரிப் பகுதிக்கு உயர்ந்த விகிதம் விழத்தான் செய்யும். அதையும் தடுக்க வேண்டுமென்றால் வரம்புகளைச் சராசரி ஊதியத்தோடு இணைக்க வேண்டும். நான் அதை ஆதரிக்கமாட்டேன். உண்மையிலேயே அதிகம் வாங்குகிறவர் அதிக விகிதம் கட்டட்டும் என்றுதானே ஸ்லாப்களையே வைத்திருக்கிறார்கள்.