ஜப்பானிய மொழியின் என்4 நிலைத் தேர்வுக்கு எத்தனை கான்ஜி எழுத்துகள் போதும்?

"டிசம்பரில் என்4 எழுதுகிறேன், 4 மாதம் இருக்கிறது. என்5 கான்ஜி 100 தெரியும். ராடிக்கலும் கதையும் வைத்துப் படித்தால் போதுமா? எத்தனை இலக்கு வைக்கலாம்?"

மொத்தம் 300 வையுங்கள், அதாவது புதிதாக 200. இது அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. 2010-ல் தேர்வை மாற்றியதிலிருந்து கான்ஜிப் பட்டியலே வெளியிடுவதில்லை, என்4-க்கு இணையான பழைய மூன்றாம் நிலைக்கு இருந்த அளவைத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால் பட்டியலில் இல்லாத ஒன்றிரண்டு வந்தால் பதற வேண்டாம்.

எழுத்தின் உறுப்புகளான ராடிக்கல்களை இணைத்துக் கட்டும் கதை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 寺 என்றால் கோவில். இதோடு சூரியனைச் சேர்த்தால் 時, நேரம். கையைச் சேர்த்தால் 持, வைத்திருப்பது. நடையைக் குறிக்கும் இடப்பக்க ராடிக்கலைச் சேர்த்தால் 待, காத்திருப்பது. மாட்டைச் சேர்த்தால் 特, தனிச்சிறப்பு. கையில் தேங்காய்த் தட்டு வைத்திருப்பவர், கோவில் வழியில் நண்பருக்காகக் காத்து நிற்பவர் என்று நீங்களே ஒரு கதை கட்டிவிட்டால் நாலும் குழம்பாது. தேர்வில் எழுதச் சொல்ல மாட்டார்கள், காத்திருப்பதைக் குறிக்கும் 'மத்ஸு' என்ற சொல்லை ஒலியெழுத்தான ஹிரகானாவில் கொடுத்துவிட்டு இதேபோல் ஒன்றையொன்று ஒத்த எழுத்துகளை வரிசையாக வைத்து எது சரி என்பார்கள், அங்கே கதை நன்றாகவே கைகொடுக்கும்.

ஆனால் உச்சரிப்பை அது சொல்லாது. 時, 持 இரண்டுக்கும் ஒரு வாசிப்பு 'ஜி', கோவிலுக்கும் அதேதான், சரி. 待 'தாய்' ஆகிவிடும், 特 'தொகு' ஆகிவிடும். 時間 'ஜிகான்', ஆனால் 時計 'தொகேய்'. இதைச் சொல்லாகத்தான் மனப்பாடம் செய்யணும், வேறு வழியில்லை. எழுத்தைப் பார்த்ததும் "காத்திருப்பது" என்று தமிழில் பொருள் வந்து, வாயில் 'மத்ஸு' வரவில்லை என்றால் கதையிலேயே நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். எனவே ஒவ்வொரு கான்ஜிக்கும் ஒரு கதை, அப்புறம் அது வருகிற இரண்டு சொற்கள், அவற்றை வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படிப்பது. சொற்கள் வராத வரை அந்தக் கான்ஜியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

16 வாரத்தில் கடைசி 4 வாரம் புதிது எதுவும் வேண்டாம், மாதிரித் தேர்வும் பழையதைத் திருப்புவதும் மட்டும். மிச்சம் 12 வாரம், வாரம் 6 நாள், நாளுக்கு 3 என்றால் 216 வருகிறது. நாளுக்கு 10 என்று ஆரம்பிப்பவர்களுக்கு மூன்றாவது வாரத்திலேயே திருப்பிப் பார்க்க வேண்டியது மலைபோல் சேர்ந்துவிடும். பின்தங்கினால் பட்டியலின் கடைசியிலிருந்து வெட்டாதீர்கள், நீங்கள் படிக்கும் பாடத்தில் ஒரே ஒரு சொல்லில் மட்டும் வருகிற கான்ஜிகளை முதலில் விடுங்கள். 250 கான்ஜி அவற்றின் சொற்களோடு தெரிந்தாலே கான்ஜிப் பகுதியைத் தைரியமாக எழுதலாம். கான்ஜி மொத்தத் தேர்வில் ஒரு துண்டுதான், கேட்டல் பகுதிக்குத் தனியாக வேறு குறைந்தபட்ச மதிப்பெண் இருக்கிறது.