தொகுப்பு விலையைப் பிரிப்பது எப்படி?

"மூன்று பொருளைச் சேர்த்து 700க்கு விற்கிறோம். ஒன்று மட்டும் திரும்பி வந்தால் எவ்வளவு தருவது?"

தனித்தனி விலையின் விகிதத்தில் பிரியுங்கள். தனி விலைகள் 500, 300, 200 என்றால் மொத்தம் 1000. தொகுப்பு விலை அதில் 70 சதவீதம். ஆக பங்குகள் 350, 210, 140.

முதல் பொருள் திரும்பினால் 350 தான் தர வேண்டும். தனி விலையான 500ஐக் கொடுத்தால், 500 மதிப்புள்ள மற்ற இரண்டும் வாடிக்கையாளருக்கு வெறும் 200க்குப் போய்விடும். தள்ளுபடிக்காகவே வாங்கித் திருப்புகிறவர்களும் உண்டு!

பங்கை விற்கும்போதே பில்லின் ஒவ்வொரு வரியிலும் சேமித்துவிடுங்கள். திருப்பும் நாளில் புதிதாகக் கணக்கிட்டால், இடையில் தனி விலை மாறியிருக்கலாம். அப்போது விற்பனை அறிக்கையும் திருப்பிய தொகையும் ஒட்டாது.

அப்புறம் பைசா பிரச்சினை: 100ஐ மூன்றாகப் பிரித்தால் 33.33 வீதம் 99.99 தான் வரும். மீதி 0.01ஐக் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.