கூடைக்கு விலை வைக்கும் முன் கேட்க நான்கு கேள்விகள்

"திருவையாறு பக்கம் இருக்கிறேன். வாழைநாரில் கைக்கூடை பின்னுகிறேன். நார், கைப்பிடி, உள்துணி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 80 ரூபாய் ஆகிறது, அரை நாள் வேலை. சொந்தக்காரர்கள் 150 போதும் என்கிறார்கள், சென்னையில் இருக்கும் தோழி 600 வை என்கிறாள். யாரிடம், எப்படிக் கேட்டு விலை வைப்பது?" (ஒரு வாசகி)

இரண்டு பேருமே கூடையை வாங்கப்போவதில்லை. அதனால் முதலில் அந்த இரண்டு எண்களையும் மறந்துவிடுங்கள். அடுத்து, "எவ்வளவு கொடுப்பீங்க?" என்று நேராகக் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நம்மூரில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே ஆள் பேரத்துக்கு உட்கார்ந்துவிடுவார், பாதி விலைதான் சொல்வார். தெரிந்தவராக இருந்தால் உங்கள் மனம் நோகக்கூடாதென்று கூட்டிச் சொல்வார். இரண்டிலும் நிஜம் இல்லை.

இதற்கு நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வான் வெஸ்டண்டார்ப் என்பவர் 1976-இல் ஒரு வழி சொன்னார். ஒரே விலையைக் கேட்காமல், விலையின் நான்கு எல்லைகளைக் கேட்பது. நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்:

"என்ன விலைக்குப் போனா, எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம்னு வச்சிடுவீங்க?"
"என்ன விலைன்னா, இவ்வளவு மலிவா, ரெண்டு நாள்ல பிஞ்சிடுமோன்னு சந்தேகம் வரும்?"
"என்ன விலைன்னா, கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் யோசிச்சு வாங்கலாம்னு தோணும்?"
"என்ன விலைன்னா, கொடுத்த காசுக்கு நல்ல சாமான்னு தோணும்?"

நான்கும் முடிந்த பிறகு இன்னொன்று: "இது இல்லைன்னா வேற எதை வாங்குவீங்க?" இதைப் பலர் கேட்பதே இல்லை. ஒருவர் மனதில் ஒயர் கூடையை வைத்துப் பதில் சொல்வார், இன்னொருவர் தோள்பையை வைத்துச் சொல்வார். இருவர் சொல்லும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். ஏன் என்பது இந்த ஐந்தாவது கேள்வியில்தான் தெரியும்.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், போட்டோ காட்டிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். தனித்தனியாகக் கேளுங்கள், நான்கு பேர் கூடி நின்றால் முதல் ஆள் சொன்ன எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள். முக்கியமாக, எந்த விலையும் கண்ணில் படக்கூடாது. நானே ஒருமுறை தஞ்சாவூரில் ஒரு கண்காட்சியில், விலைச்சீட்டை எடுக்க மறந்துவிட்டு முப்பது பேரிடம் கேட்டேன். எல்லோரும் அந்தச் சீட்டைச் சுற்றியே பதில் சொன்னார்கள். ஒரு நாள் உழைப்பு வீண்.

யாரிடம் கேட்பது? எங்கே விற்கப் போகிறீர்களோ அங்கே வருபவர்களிடம். தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில் பார்க்க வருபவர்கள், தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்கு உங்கள் ஊருக்கே வருபவர்கள் ஒரு கூட்டம். காய்கறிக்குக் கூடை தேடும் உள்ளூர்க்காரர் வேறு கூட்டம். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால், யாருக்கும் பொருந்தாத நடுவிலை ஒன்று கிடைக்கும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியூர்க்காரர்கள் 23 பேரைக் கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பதிலிலும் சந்தேக விலை, நல்ல விலை, கூடுதல் விலை, வேண்டாம் விலை என்று வரிசையாக ஏற வேண்டும். மூன்று பேருக்கு அப்படி ஏறவில்லை, அதாவது கேள்வியைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களை நீக்கிவிட்டு 20 பேரை எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது ஒவ்வொரு விலையிலும் எத்தனை பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று எண்ணுங்கள். 250 ரூபாயில் நான்கு பேருக்கு மலிவு பற்றிய சந்தேகம், ஒருவருக்கு மட்டும் விலை எட்டவில்லை. 300-இல் சந்தேகப்படுபவர் ஒருவர், எட்டாதவர்கள் இரண்டு பேர். அதாவது 275 பக்கத்தில் இரண்டும் சமமாகி, ஆளுக்கு இரண்டாக நான்கு பேர் போனாலும் 16 பேர் மிஞ்சுவார்கள். 350-இல் சந்தேகம் யாருக்கும் இல்லை, ஐந்து பேர் விலகி 15 பேர் நிற்பார்கள். 400-இல் ஒன்பது பேர் விலகி 11 பேர்.

பாடப்புத்தகம் அந்த 275-ஐத்தான் சரியான விலை என்று சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, குறைந்தபட்சம் கைவினைப் பொருளுக்கு. அந்த இடத்தில் அதிகம் பேர் விலக மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உங்களால் மாதத்துக்கு இருபத்தைந்து, முப்பது கூடைதான் பின்ன முடியும். எல்லோரையும் வாங்க வைக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

செலவு 80, அதோடு உங்கள் அரை நாள் உழைப்புக்கு 150 (இதுவே குறைவுதான்) சேர்த்தால் அடக்க விலை 230. 275-க்கு விற்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் மிச்சம், 16 பேருக்கு 720. 350-இல் 120 மிச்சம், 15 பேருக்கு 1,800. 400-இல் 170 மிச்சம், 11 பேருக்கு 1,870. ஆக 275-ஐ விட்டு 350-க்குப் போனால், ஒரே ஒருவரை இழந்து இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் பார்க்கலாம்.

காகிதத்தில் 400 சற்று மேலே இருக்கிறது. ஆனாலும் நான் 350 தான் வைப்பேன். "வாங்குவேன்" என்று சொல்பவர் எல்லோரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள், கையில் காசு இல்லாமல் பேசும்போது எல்லோருக்கும் மனசு தாராளம். விலை ஏற ஏற இந்த வித்தியாசம் உங்களைத்தான் அதிகம் கடிக்கும். அப்புறம் 20 பேர் என்பது ஒரு ஏகதேசமான எல்லையைக் காட்டுமே தவிர, 350-ஆ 360-ஆ என்று பிரித்துச் சொல்லாது.

அதனால் கடைசிப் பரீட்சை நிஜ விற்பனைதான். ஒரு சனி, ஞாயிறு 350 என்று சீட்டு ஒட்டி வையுங்கள், அடுத்த வாரம் அதே இடத்தில், அதே கூடையை 400 என்று வையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று நோட்டில் கோடு போடுங்கள். எடுத்துப் பார்த்து, சீட்டைத் திருப்பிப் பார்த்து, பேசாமல் வைத்துவிட்டுப் போனால் விலைதான் தடை. எடுக்கவே இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பயனில்லை, கூடை இருக்கும் இடமோ அதன் தோற்றமோதான் சரியில்லை.

கும்பகோணத்தில் கடையில் வைத்து விற்கச் சொன்னால் ஒரு விஷயம் கவனியுங்கள். கடைக்காரர் நூற்றுக்கு 30 கேட்டால், 350-இல் உங்கள் கைக்கு வருவது 245. அடக்கம் போக 15 ரூபாய். கடை வேண்டுமென்றால் அதற்கென்று வேறு அளவு, வேறு பின்னல் செய்து, அதற்கு வேறாகக் கேட்டு விலை வையுங்கள். ஒரே கூடை இரண்டு விலையில் இருந்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை ஆர்டர் வந்தால் மேலே சொன்ன எந்த எண்ணும் உதவாது. அங்கே வாங்குபவர் கூடையைப் பார்ப்பதில்லை, தலைக்கு எவ்வளவு ஆகும் என்று பார்ப்பார். கல்யாண வீட்டுக்காரர்களிடம் கேள்வியையே மாற்றி, "ஒரு ஆளுக்குத் தாம்பூலத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்க, அதுல பைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். வரும் தொகைக்குள் அடங்குகிற சின்னப் பையை வடிவமைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.