உயர வரிசையில் இரண்டு வழி

கேள்வி: பபிள் சார்ட், செலக்‌ஷன் சார்ட் என்ன வித்தியாசம்?

இரண்டும் கணினியில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் முறைகள். ஆட்களைக் குட்டையிலிருந்து நெட்டையாக நிறுத்துவதாக நினைத்தால், பபிள் சார்ட் பக்கத்தில் நிற்கும் இருவரை மட்டுமே ஒப்பிட்டு, தேவைப்பட்டால் இடம் மாற்றும். செலக்‌ஷன் சார்ட் மிச்சமிருப்பவர்களில் குட்டையானவரை முதலில் தேடிவிட்டு, அப்புறம்தான் ஒரே தடவை மாற்றும்.

பள்ளி மைதானத்தில் 140, 110, 130, 120 செ.மீ. உயரத்தில் நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பபிளில் 140 ஒவ்வொருவராகத் தாண்டித்தான் கடைசிக்குப் போக முடியும். அதற்கே மூன்று மாற்றம். பிறகு 130-ம் 120-ம் மாற, மொத்தம் நான்கு. செலக்‌ஷனில் 110 முதலில் நிற்கும் 140-ஓடு மாறும், அடுத்து 120 அதே 140-ஓடு மாறும். இரண்டே மாற்றம். ஒப்பீடு மட்டும் இரண்டிலும் ஆறு.

இதனால் செலக்‌ஷன்தான் எப்போதும் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: ஏற்கெனவே ஒழுங்காக நிற்கும் வரிசையில், மாற்றம் நடந்ததா என்று கவனிக்கும் பபிள் மூன்றே ஒப்பீட்டில் நின்றுவிடும், செலக்‌ஷன் ஆறையும் செய்தே தீரும்.