மஜ்ஜையில் ‘ரெமிஷன்’, எம்.ஆர்.டி.யில் ‘பாசிடிவ்’: எதை நம்புவது?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பி செல் ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய். முதல் 35 நாள் சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜை எடுத்தார்கள். ஒரு ரிப்போர்ட்டில் ‘பிளாஸ்ட் 2%, ரெமிஷன்’ என்றிருக்கிறது. அதே நாள் எடுத்த ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ‘எம்.ஆர்.டி. பாசிடிவ், 0.03%’ என்று வந்திருக்கிறது. எண்ணிய செல்கள் 8,00,000, சந்தேகச் செல்கள் 240 என்று போட்டிருக்கிறார்கள். குழந்தைகளின் மஜ்ஜையில் நல்ல செல்களே இப்படித் தெரியும், அதை ஹெமட்டோகோன் என்பார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது? மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான் அம்மா. ஆனால் சிகிச்சையை இனி எப்படிக் கொண்டுபோவது என்பதை முடிவு செய்ய வேண்டியது இரண்டாவது ரிப்போர்ட். எம்.ஆர்.டி. என்பது சிகிச்சைக்குப் பிறகும் மிகச் சிறிய அளவில் மிச்சமிருக்கும் நோய்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் 200 முதல் 500 செல்கள் வரை எண்ணுவார். பிளாஸ்ட் என்னும் முதிராத இளம் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், நோய் அடங்கிய நிலை என்ற பொருளில் ரெமிஷன் என்று எழுதுவார். உங்கள் மகனுக்கு மிச்சம் இருப்பது 10,000 செல்லுக்கு மூன்று. 500 செல்லை எண்ணும்போது அதில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போவதுதான் இயல்பு. பட்டாலும் அது நல்ல இளம் செல்லா, புற்றுச் செல்லா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த 2 சதவீத பிளாஸ்ட்டில் பெரும்பாலானவை சாதாரண இளம் செல்களாகவே இருக்கும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி செல்லை அடையாளம் காணும் விதமே வேறு. ஒவ்வொரு செல்லும் தன் மேல்தோலில் சில புரதங்களைத் தாங்கியிருக்கிறது. 1982இல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் அவற்றுக்கு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். சிடி10, சிடி19 என்று ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பவை அந்த எண்கள்தான். மஜ்ஜையிலுள்ள சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு, ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு நிறம் ஒட்டிய ஆன்டிபாடியைச் சேர்த்து, இருட்டில் 15, 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு பெரியது, உள்ளே எவ்வளவு துகள் இருக்கிறது, எந்த நிறம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை இயந்திரம் குறித்துக்கொள்ளும். திரையில் ஒரு செல் ஒரு புள்ளி.

முதலில் பார்க்கும் படம் எப்போதும் ஒன்றுதான். கீழ்க்கோட்டில் சிடி45, பக்கக்கோட்டில் துகள் அளவு. முதிர்ந்த லிம்ஃபோசைட்டுகள் வலது கீழ்மூலையில் அடர்ந்து நிற்கும், நியூட்ரோஃபில்கள் மேலே பரந்து கிடக்கும். பிளாஸ்ட்டுகளுக்கு சிடி45 மங்கல், துகளும் குறைவு, அதனால் இடது கீழ்ப்பக்கம் தனி மேகமாகத் தெரியும். நோய் கண்டுபிடித்த நாளில் அந்த மேகத்தைத்தான் பிரித்துப் பார்த்திருப்பார்கள். சிடி19, செல்லுக்குள்ளே சிடி79ஏ, சிடி22 இருந்தால் பி செல் வகை. செல்லுக்குள்ளே சிடி3 இருந்தால் டி செல் வகை. எம்.பி.ஓ. என்ற நொதி இருந்தால் பெரும்பாலும் மைலாய்டு என்னும் வேறு ரத்தப் புற்று வகை. இப்படி அடையாளமாக எடுக்கும் எந்த ஒரு மார்க்கரையும் தனியாக நம்புவதில்லை. சிடி13, சிடி33 போன்ற மைலாய்டு மார்க்கர்கள் பி செல் ஏ.எல்.எல்.லிலும் வரும். அவற்றைப் பார்த்து நோயின் பெயரை மாற்ற மாட்டோம். ஆனால் இப்படித் தவறான இடத்தில் வந்த மார்க்கர்தான், பின்னால் மிச்ச நோயைத் தேடும்போது பெரிய துணையாகிறது.

இனி ஹெமட்டோகோன். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது கற்பனை இல்லை. பி செல்லாக வளரப்போகும் நல்ல இளம் செல்லுக்கு அந்தப் பெயர். அதற்கும் சிடி19 உண்டு, சிடி10 உண்டு, மிக இளம் நிலையில் சிடி34ம் உண்டு. இந்த மூன்றை மட்டும் பார்த்தால் புற்றுச் செல்லிலிருந்து பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது அவை வளரும் ஒழுங்கு. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு மாற மாறச் சீருடை மாறுவதுபோல, ஹெமட்டோகோன் முதலில் சிடி34ஐ விடும், பிறகு சிடி10 மெல்லக் குறையும், சிடி20 மெல்லக் கூடும். இந்த வளர்ச்சி நெடுக சிடி38 மிகப் பிரகாசமாக இருக்கும். எந்தக் குழந்தையின் மஜ்ஜையை எடுத்தாலும் திரையில் இந்தப் புள்ளிகள் ஒரே வளைவுப் பாதையில் வரிசையாக விழும்.

புற்றுச் செல் அந்தப் பாதையில் போகாது. ஒரே நிலையில் நின்றுபோன ஒரே குடும்பத்துச் செல்கள் என்பதால், பாதையை விட்டு விலகி ஒரு சிறு கொத்தாக உட்காரும். சிடி38 மங்கியிருக்கும், சிடி58 தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும், சிடி10 அளவுக்கு மிஞ்சியிருக்கும், அல்லது ஹெமட்டோகோனில் வரவே கூடாத சிடி66சி, சிடி73, சிடி123 வந்திருக்கும். ஒரு மாறுதலை வைத்து ‘பாசிடிவ்’ போடுவதில்லை. குறைந்தது இரண்டு மாறுதலாவது ஒரே கொத்தில் சேர்ந்து தெரிய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீராய்டு கொடுக்கும் இண்டக்‌ஷன் என்ற முதல் கட்டச் சிகிச்சைக் காலத்தில் புற்றுச் செல்களே தங்கள் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். சிடி10, சிடி34 மங்கும், சிடி20 கூடும். முதல் நாள் படத்தை அப்படியே தேடுகிறவர் ஏமாந்துபோவார். அதனால் முதல் நாள் அடையாளத்தையும் பார்க்க வேண்டும், இயல்பான பாதையிலிருந்து விலகல் இருக்கிறதா என்றும் தனியே பார்க்க வேண்டும். இந்தச் சமயத்தில் ரிப்போர்ட்டைப் படிப்பதை எளிதாக்கும் ஒன்றும் இருக்கிறது. அதே ஸ்டீராய்டு நல்ல ஹெமட்டோகோன்களையும் பெரும்பாலும் துடைத்துவிடும். அவை கூட்டமாகத் திரும்புவது பிந்தைய கட்டங்களில், முக்கியமாகச் சிகிச்சை முடிந்து மஜ்ஜை மீளும்போது. ஆகவே 35ஆம் நாளில் பாதைக்கு வெளியே 240 செல்கள் கொத்தாக நின்றால், ஹெமட்டோகோன் என்று ஒதுக்கிவிட இடம் குறைவு. ரிப்போர்ட்டின் விளக்கப் பகுதியில் எந்தெந்த மார்க்கர் மாறியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதை நோய் கண்டுபிடித்த நாள் ரிப்போர்ட்டின் பக்கத்தில் வைத்து உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டிலும் அதே விலகல்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்ணையும் சரிபார்ப்போம். 240ஐ 8,00,000ஆல் வகுத்தால் 0.0003, அதாவது 0.03 சதவீதம். ஏ.எல்.எல்.லில் எல்லைக்கோடாக வைத்திருப்பது 0.01 சதவீதம், 10,000 செல்லில் ஒன்று. நம்பி அளவு சொல்ல ஏறத்தாழ 50 செல்கள் கொண்ட கொத்து தேவை. 0.01 சதவீதத்தில் 50 செல்கள் கிடைக்க 5,00,000 செல்களை எண்ணியாக வேண்டும். உங்கள் லேப் அதற்கு மேலேயே எண்ணியிருக்கிறது. வெறும் 60,000 செல்களை எண்ணிவிட்டு ‘நெகட்டிவ்’ என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அதை நம்ப முடியாது. 60,000இல் 50 செல் என்பதே 0.08 சதவீதம் ஆகிவிடும், அதற்குக் கீழே இருக்கும் நோயை அந்த டெஸ்ட் உறுதியாகச் சொல்லாது. எண்ணிய செல்களின் தொகையைப் போடாத நெகட்டிவ் ரிப்போர்ட் யார் கையில் கிடைத்தாலும், அந்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு தவறு லேபில் இல்லை, மஜ்ஜை எடுக்கும் இடத்திலேயே நடக்கிறது. ஊசியை உள்ளே வைத்து முதல் இழுப்பில் வரும் 2, 3 மில்லிதான் உண்மையான மஜ்ஜை. அதே இடத்தில் தொடர்ந்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்துகொண்டே போகும். முதல் இழுப்பை ஸ்லைடுக்கும் குரோமோசோம் டெஸ்ட்டுக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவது இழுப்பை எம்.ஆர்.டி.க்கு அனுப்பினால், 0.03 என்பது 0.01க்குக் கீழே இறங்கி ‘நெகட்டிவ்’ ஆகிவிடக்கூடும். பி செல் ஏ.எல்.எல்.லில் ரத்தத்தில் இருக்கும் புற்றுச் செல்கள் மஜ்ஜையில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு என்பதே காரணம். மாதிரியில் மாஸ்ட் செல், கரு உள்ள இளம் சிவப்பணு, இளம் மைலாய்டு செல் எல்லாம் அருகி, முதிர்ந்த நியூட்ரோஃபில்லே நிறைந்திருந்தால் ரத்தம் கலந்திருக்கிறது என்று லேப் கண்டுபிடித்துவிடும். நல்ல லேப் அதை ‘ஹீமோடைல்யூட்டட்’ என்று ரிப்போர்ட்டில் எழுதும்.

ரத்தம் கலந்தால் நோய் மறையும், புதிதாக உண்டாகாது என்பதை மனத்தில் வையுங்கள். ஆகவே உங்கள் மகனின் மாதிரியில் ரத்தம் கலந்திருந்தாலும், உண்மையான அளவு 0.03க்கு மேலே இருக்கலாமே தவிர பாசிடிவ் பொய்யாகாது. இப்போது உடனே மறுபடி மஜ்ஜை எடுத்து, அதில் நெகட்டிவ் வந்தால் நிம்மதி என்று நினைப்பது ஆபத்து. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் நான் முதல் பாசிடிவ்வைத்தான் நம்புவேன். அதற்காக மருந்து தள்ளிப்போவதும் நல்லதல்ல. பாசிடிவ்வில் நியாயமான சந்தேகம் இருந்தால், குழந்தையைக் குத்தாமலே தீர்க்க வழி இருக்கிறது. இயந்திரத்தில் பதிவான மூலக் கோப்பு லேபில் இருக்கும், அதை எம்.ஆர்.டி. பார்த்துப் பழகிய இன்னொரு லேபிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

0.03 பாசிடிவ் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள் இல்லை. மருந்துக்கு எதிர்பார்த்த வேகத்தில் அடங்கவில்லை என்று பொருள். பெரும்பாலான சிகிச்சைத் திட்டங்களில் இப்படி வரும் குழந்தையை அதிக ரிஸ்க் பிரிவுக்கு மாற்றி, அடுத்த கட்ட மருந்துகளைக் கூட்டுவார்கள். குரோமோசோம் ரிப்போர்ட்டும் இந்த முடிவில் சேரும், முக்கியமாக பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது, ஏனென்றால் அதற்குத் தனி மாத்திரை உண்டு. கன்சாலிடேஷன் என்ற அடுத்த கட்டச் சிகிச்சை முடிந்ததும் மறுபடி எம்.ஆர்.டி. பார்ப்பார்கள். அப்போதும் பாசிடிவ் என்றால் இம்யூனோதெரபி, மஜ்ஜை மாற்று பற்றிய பேச்சு வரும். பிளினாடுமோமாப் போன்ற, சிடி19ஐக் குறிவைக்கும் மருந்து கொடுத்தால் அதையும் லேபுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த மருந்துக்குப் பின் புற்றுச் செல் சிடி19ஐ இழந்து ஒளிந்திருக்கலாம். லேப் அப்போது சிடி22, சிடி24 போன்ற வேறு மார்க்கர்களைக் கொண்டு தேட வேண்டும்.

அடுத்த மஜ்ஜை எடுக்கும் நாளில், “முதல் இழுப்பு எம்.ஆர்.டி. ட்யூபுக்குப் போகட்டும்” என்று டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. ட்யூபில் 2 மில்லி போதும். உறையவிடக் கூடாது, ஐஸ் மேல் நேரடியாக வைக்கவும் கூடாது. கூரியரில் போகிறது என்றால் 24 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர்வதுபோல வார நாளில் எடுப்பது நல்லது. 48 மணி தாண்டினால் செல்கள் செத்து, செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொண்டு படத்தைக் குழப்பும். இதுவரை பார்த்த அதே லேபுக்கே அனுப்புங்கள். வேறு லேப் என்றால் முதல் நாள் ரிப்போர்ட்டின் நகலும் 35ஆம் நாள் ரிப்போர்ட்டின் நகலும் ட்யூபோடு போக வேண்டும். சதவீதம் மொத்தச் செல்களில் கணக்கிட்டதா, ஒற்றைக் கரு கொண்ட மோனோநியூக்ளியர் செல்களில் மட்டும் கணக்கிட்டதா என்று லேபுக்கு லேப் மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இன்றைய 0.03ஐ அன்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.